இரங்கிக் களைத்தவர்களுக்கு ஒரு பிற்பகல்

கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வரும் பாம்பு. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடத்தில் வலியும் இருக்காது, வீக்கமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றைப் பிசைகிறது என்று எழுந்திருப்பார்கள். சற்று நேரத்தில் இமை தொங்கும், நாக்கு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு விடும் தசைகள் ஓயும். விஷம் நரம்பு முனைகளையே சிதைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு எத்தனை குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றினாலும் சிதைந்த முனை உடனே திரும்பாது. அது தானாகத் தேறும்வரை, சில நாட்களுக்கு, நோயாளிக்கு வேறு யாராவது மூச்சு விட்டுக் கொடுக்க வேண்டும். நெல் வயல்கள் சூழ்ந்த காவிரிக் கடைமடையில் இதைப் பார்க்காத கேஷுவாலிட்டி இருக்காது.

சுரக்குடி மாதிரி ஓர் ஊரிலிருந்து அப்படி ஒரு பெண்ணைக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காரைக்காலிலிருந்து திருநள்ளாறு பக்கம் போனால் வரும் ஊர். இங்கே சொல்லும் பெண்ணும் மாணவியும் கற்பனைதான். ஆனால் நர்சிங் மாணவிகளின் விடுதி அறையில் ஒரு மாலை உட்கார்ந்து கேட்டால் இதே கதை வேறு வேறு நோயாளிகளின் பெயரில் வரும். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுக்கு மேல். முதலில் மந்திரிக்கக் கூட்டிப் போய்விட்டு, உதடு நீலம் பாரித்த பிறகுதான் வண்டி வைத்திருக்கிறார்கள். மருத்துவர் குழாய் செலுத்துகிறார், ஸ்டாஃப் நர்ஸ் விஷமுறிவு மருந்தைக் கரைக்கிறார், தொடக்க அளவே 10 குப்பி. வென்டிலேட்டர் வரும்வரை அம்பு பேக்கை அமுக்க ஆள் வேண்டும். “பாப்பா, இங்க வா, இதைப் பிடி.” மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் மாணவி அதை வாங்கிக்கொள்கிறாள். பெரியவர்களுக்கு ஐந்தாறு வினாடிக்கு ஒரு முறை அமுக்க வேண்டும். அவள் மனதுக்குள் எண்ணத் தொடங்குகிறாள்.

அந்தப் பெண்ணின் கண் திறக்கவில்லை. ஆனால் இமை தூக்க முடியாமல் போவதும் நினைவு தப்புவதும் வேறு வேறு. கட்டுவிரியன் கடித்தவர்களுக்குப் பல நேரம் காது கேட்கும், சுற்றி நடப்பது புரியும். வகுப்பில் படித்த அந்தச் செய்தி மாணவிக்கு அப்போது நினைவுக்கு வந்துவிடுகிறது. இரண்டு மணி நேரம் கழித்து இதயம் நின்றுவிடுகிறது. சீனியர் ஒருவரோடு சேர்ந்து அவளே லாஸ்ட் ஆஃபீஸ் செய்கிறாள், அதாவது உடலைத் துடைத்துத் துணி சுற்றிக் கொடுக்கும் கடைசிப் பணிவிடை. பிறகு கல்லூரிப் பேருந்து, விடுதி, மறுநாள் சமர்ப்பிக்க வேண்டிய ரெக்கார்டு நோட்டு. யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வாரங்களில் தூக்கத்தில் ஐந்துவரை எண்ணிக்கொண்டு விழித்துக்கொள்கிறாள். கேஷுவாலிட்டி போஸ்டிங் வந்தால் தலைவலி என்று விடுப்பு கேட்கிறாள். ஓவர் எடுக்கும்போது முன்பெல்லாம் நோயாளியின் பெயரைக் குறித்துக்கொள்வாள், இப்போது பெட் நம்பர் மட்டும் எழுதுகிறாள். பெட் 12-இல் இருக்கும் பாட்டி கையைப் பிடித்தால் மெதுவாக விடுவித்துக்கொள்கிறாள். அவளைப் பார்க்கும் ஆசிரியைக்கு இது அலட்சியமாகத் தெரியலாம். இதைத்தான் பரிவுச் சோர்வு என்கிறார்கள்.

நர்சுகளைப் பற்றி இந்தப் பெயரை முதலில் எழுதியவர் கார்லா ஜாயின்சன், 1992-இல், அமெரிக்க நர்சிங் இதழ் ஒன்றில். 1995-இல் உளவியலாளர் சார்லஸ் ஃபிக்லி அதை விரித்துப் புத்தகமாக்கினார். அடிபட்டவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் அடிபட்டவருக்கு வருவது போன்ற கனவும் தவிர்ப்பும் பதற்றமும் வரும் என்பது அவர் சொன்னது. இதை வெறும் வேலைச் சோர்விலிருந்து பிரித்துப் பார்ப்பது நல்லது. வேலைச் சோர்வு மாதக்கணக்கில் மெல்ல ஏறும். ஆள் பற்றாக்குறை, ஓயாத நைட் டியூட்டி, யாரும் மதிக்காதது என்று அதற்குப் பல வாசல்கள். இன்னொன்றோ ஒரே நாளில், ஒரே நோயாளியிடமிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும். நம் மாணவிக்கு வந்தது இரண்டாவது. அதை விடுமுறை கொடுத்துத் தீர்க்கப் பார்த்தால் வீட்டுக்குப் போன இடத்திலும் அவள் ஐந்துவரை எண்ணுவாள்.

பெட் நம்பருக்குத் திரும்புவோம். 1950-களின் இறுதியில் லண்டனில் ஒரு பெரிய பயிற்சி மருத்துவமனை தன் நர்சிங் மாணவிகளைப் பற்றிக் கவலைப்பட்டு இசபெல் மென்ஸீஸ் என்ற மனப்பகுப்பாய்வாளரை அழைத்தது. மாணவிகளில் மூன்றில் ஒரு பங்கினர் படிப்பை முடிக்காமலே போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தேர்வில் தோற்றவர்கள் அல்ல, தாங்களாகவே விலகியவர்கள். மென்ஸீஸ் 1960-இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் படிக்க வேண்டியது. வார்டின் பல வழக்கங்கள் நோயாளிக்காக ஏற்பட்டவை அல்ல, நர்சின் பதற்றத்தை மறைக்க ஏற்பட்டவை என்று அவர் காட்டினார். ஒரு நோயாளியை முழுதாக ஒருவர் பார்க்காமல், ஒரு மாணவி எல்லாருக்கும் காய்ச்சல் பார்ப்பாள், இன்னொருத்தி எல்லாருக்கும் படுக்கை மாற்றுவாள். நோயாளியைப் பெயர் சொல்லாமல் ‘பத்தாம் படுக்கை ஈரல்’ என்பார்கள். பழகிவிடுவதற்குள் மாணவியை வேறு வார்டுக்கு மாற்றுவார்கள். யாரும் யாரிடமும் நெருங்காமல் இருந்தால் யாருக்கும் வலிக்காது என்பது கணக்கு.

கணக்கு தப்பியது. பதற்றம் குறையவில்லை, மறைந்து மட்டும் கிடந்தது. இந்தத் தொழிலுக்கு ஒருத்தியை இழுத்துவந்த ஒரே சந்தோஷம், தான் பார்த்துக்கொண்டவர் தேறி எழுந்து போவதைப் பார்ப்பது. அதையும் சேர்த்தே அந்த ஏற்பாடு பிடுங்கிவிட்டது. நல்ல மாணவிகள்தான் அதிகம் விலகுகிறார்கள் என்ற எண்ணம் மூத்த நர்சுகளிடமே இருந்ததாக மென்ஸீஸ் எழுதுகிறார். அறுபது ஆண்டு கழித்து நம்மூர் வார்டுகளுக்குப் போனாலும் இந்த வழக்கங்கள் அப்படியே இருக்கின்றன. நம் மாணவி பெட் நம்பருக்கு மாறியது அவள் குணம் கெட்டதால் அல்ல. சுற்றியுள்ள எல்லாரும் வைத்திருந்த கவசத்தை அவளும் எடுத்து மாட்டிக்கொண்டாள், அவ்வளவுதான்.

நெருங்கினால் வலிக்கிறது, விலகினால் வறண்டுபோகிறது என்றால் மூன்றாவது வழி உண்டா? இங்கேதான் மூளை ஆய்வுகள் உதவுகின்றன. 2004-இல் டானியா சிங்கர் என்ற நரம்பியல் ஆய்வாளர், அன்புக்குரியவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கப்படுகிறது என்று அறிவிக்கப்பட்டாலே, பார்ப்பவரின் மூளையில் வலியோடு தொடர்புள்ள பகுதிகளில் சில இயங்குகின்றன என்று காட்டினார். பிறர் வலியை நாம் உணர்வது பேச்சுக்குச் சொல்வதில்லை, ஓரளவு உண்மையாகவே நடக்கிறது. பிறகு அவரும் ஓல்கா க்ளிமெக்கியும் வேறொரு சோதனை செய்தார்கள். துன்பப்படுபவர்களின் காணொளிகளைத் தன்னார்வலர்களிடம் காட்டினார்கள். முதலில் அந்த வலியைத் தன்னுடையதாக உணரப் பயிற்சி கொடுத்தார்கள். மனச்சுமை ஏறியது. பிறகு அதே ஆட்களுக்கு வேறு பயிற்சி: வலியை அறிந்துகொண்டு, அந்த மனிதர் நலமாக வேண்டும் என்ற எண்ணத்தை அவர் பக்கம் திருப்புவது. இப்போது சுமை இறங்கியது, நல்லுணர்வு கூடியது. காணொளி மாறவில்லை. மூளையில் இயங்கிய இடங்களும் வேறாக இருந்தன. முதல் பயிற்சியில் வலியோடு சம்பந்தப்பட்ட பகுதிகள், இரண்டாவதில் பாசத்தோடும் நிறைவோடும் சம்பந்தப்பட்டவை.

அதனால் ‘பரிவுச் சோர்வு’ என்ற பெயரே தவறு, சோர்வது பரிவு அல்ல, பிறர் வலியில் மாட்டிக்கொள்வதுதான் என்று அவர்கள் வாதிட்டார்கள். எனக்கு இந்த வாதம் பெரிதும் சரியாகவே படுகிறது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் அமைதியாகப் படுத்துக்கொண்டு காணொளி பார்ப்பது வேறு, எச்சில் நாற்றத்தோடும் அழுகைச் சத்தத்தோடும் பேக்கை அமுக்குவது வேறு. ஆட்களும் சிலர்தான். அதை ஒரு திசைகாட்டியாக எடுத்துக்கொள்ளலாம், மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தத் திசையில் ஒரு பிற்பகல் பட்டறை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். பத்துப் பேர், கூடினால் பன்னிரண்டு. எல்லாரும் ஒரே ஆண்டு மாணவிகளாக இருந்தால் நல்லது; சீனியர் அக்கா முன்னால் ஜூனியர் வாய் திறக்கமாட்டாள். இரண்டரை மணி நேரம். நைட் டியூட்டி முடித்தவர்களைத் தூங்கவிடாமல் இழுத்துவந்து சுயநலன் பேணுவது பற்றிப் பாடம் நடத்தக் கூடாது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கிற விஷயம். எல்லாவற்றையும்விட முக்கியம், நடத்துபவர் இன்டர்னல் மதிப்பெண் போடும் மேடமாக இருக்கக் கூடாது. “எனக்குப் பயமா இருந்துச்சு” என்று சொன்னால் செய்முறைத் தேர்வில் குறையுமோ என்ற சந்தேகம் ஒரு துளி இருந்தாலும் பட்டறை நாடகமாகிவிடும். வேறு கல்லூரி ஆசிரியையோ, வார்டு அனுபவம் உள்ள மனநல நர்சோ வரலாம்.

முதல் இருபது நிமிடத்துக்கு ஒரு வினாத்தாள். பெத் ஸ்டாம் உருவாக்கிய புரோகுவால் என்ற அளவுகோல் இதற்கு அதிகம் பயன்படுகிறது. 30 வாக்கியங்கள், கடந்த 30 நாட்களில் ஒவ்வொன்றும் எத்தனை தடவை உண்மையாக இருந்தது என்று 1 முதல் 5 வரை எண் போட வேண்டும். பத்துப் பத்தாக மூன்று கூட்டல்கள் வரும்: உதவுவதில் கிடைக்கும் நிறைவு, வேலைச் சோர்வு, பிறர் துயரம் ஒட்டிக்கொண்ட அழுத்தம். ஒவ்வொன்றிலும் 22 வரை குறைவு, 23 முதல் 41 வரை நடுத்தரம், 42-உம் அதற்கு மேலும் அதிகம். வேலைச் சோர்வுப் பகுதியில் ஐந்து வாக்கியங்களுக்கு எண்ணைத் திருப்பிப் போட வேண்டும், 1 என்றால் 5 என்று. இதை மறந்துவிட்டால் சந்தோஷமாக இருப்பவள்கூடச் சோர்ந்தவளாகத் தெரிவாள்.

நம் மாணவி போட்டால் எப்படி வரும்? நிறைவு 38, வேலைச் சோர்வு 25, ஒட்டிய அழுத்தம் 42 என்று வரலாம். இந்த மூன்றும் சேர்ந்து ஒன்றைச் சொல்கின்றன. இவளுக்கு வேலை பிடித்திருக்கிறது, வேலையால் பெரிதாகக் களைக்கவும் இல்லை, ஆனால் ஏதோ ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. வேறொருத்திக்கு நிறைவு 20, வேலைச் சோர்வு 42, ஒட்டிய அழுத்தம் 21 என்று வந்தால் அவளுக்குத் தேவை பட்டறை இல்லை, டியூட்டி பட்டியலில் மாற்றம். தாளை யாரும் வாங்கிப் பார்க்கக் கூடாது, பெயர் எழுத வேண்டாம். இது நோய் கண்டறியும் சோதனை இல்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து எழுத்து. 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களிடம், மனதைப் பாதித்த நிகழ்ச்சி ஒன்றை நாள் ஒன்றுக்கு 15 நிமிடம் என்று நான்கு நாள் எழுதச் சொன்னார்கள். நிகழ்ச்சியையும் அப்போதைய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்ததும் வருத்தமாகத்தான் இருந்தார்கள். ஆனால் பின்வந்த மாதங்களில் கல்லூரி மருத்துவரிடம் போவது அவர்களுக்குக் குறைந்தது. பிறகு வந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் உண்டு, ஆனால் சிறியது என்று தெரிந்தது. செலவு ஒரு பேனாவும் கால் மணி நேரமும் என்பதால் சிறிய பலனும் போதும். பட்டறையில் 15 நிமிடம் எழுதுகிறார்கள், தமிழில், எழுத்துப்பிழை பற்றிக் கவலையில்லாமல். இந்தப் பிள்ளைகள் கேஸ் ஷீட்டையும் கேர் பிளானையும் ஆங்கிலத்தில் எழுதி எழுதி, நடந்ததையே ஆங்கிலத்தில்தான் சொல்ல முடியும் என்று ஆகிவிட்டிருக்கும். ‘பேஷன்ட் எக்ஸ்பையர்ட்’ என்று எழுதும் கைக்கு ‘அந்த அக்கா செத்துப்போயிட்டாங்க’ என்று எழுதுவது முதலில் கஷ்டமாக இருக்கும். எழுதிய தாளை அவர்களே வைத்துக்கொள்ளலாம், கிழித்தும் போடலாம்.

பிறகு யாராவது ஒருவர், தானாக முன்வந்தால் மட்டும், தன் நிகழ்ச்சியை எடுத்து வைக்கிறார். இங்கே கிரஹாம் கிப்ஸ் 1988-இல் வகுத்த சுழற்சி உதவும். என்ன நடந்தது, என்ன தோன்றியது, எது நல்லது எது கெட்டது, ஏன் அப்படி ஆனது, வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வேன் என்று ஆறு படிகள். நர்சிங் பாடத்தில் இதைப் படித்திருப்பார்கள். தேர்வுக்கு எழுதும்போது முதல் படியில் ஒரு பக்கம் எழுதிவிட்டு, இரண்டாவதில் ‘வருத்தமாக இருந்தது’ என்று ஒரு வரி எழுதி, நேரே ஆறாவதுக்குத் தாவுவது வழக்கம். பட்டறையில் அந்த இரண்டாவது படியிலும் நாலாவது படியிலும்தான் நேரம் போக வேண்டும்.

நம் மாணவி பேசுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பயம், வேர்வை, கை மரத்தது எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்கிறாள்: “மேடம், நான் சரியாத்தான் அமுக்கினேனா?”

எல்லாரும் உடனே “உன் மேல தப்பே இல்லடி” என்பார்கள். அன்பான பதில், ஆனால் உதவாது. அவள் கேட்டது கேள்வி, ஆறுதல் இல்லை. நடத்துபவர் வார்டு தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான். அவர் திருப்பிக் கேட்கிறார்: அமுக்கும்போது நெஞ்சு எழும்பியதா? எழும்பியது. விரலில் மாட்டியிருந்த கருவியில் ஆக்சிஜன் ஏறியதா? வந்தபோது மிகக் குறைவு, பிறகு தொண்ணூறைத் தாண்டியது. எவ்வளவு வேகம்? ஐந்து எண்ணினேன், ஆனால் பதற்றத்தில் வேகமாக எண்ணியிருப்பேன். அப்படியானால் நீ கொஞ்சம் வேகமாக அமுக்கியிருக்கலாம், அவசரத்தில் அனுபவசாலிகளும் செய்யும் தவறு அது. அடுத்த முறை பக்கத்தில் இருப்பவரை வாய்விட்டு எண்ணச் சொல். ஆனால் அந்த அக்கா வரும்போதே உதடு நீலமாக இருந்தது. இதயமும் மூளையும் வெகு நேரம் ஆக்சிஜன் இல்லாமல் இருந்துவிட்டன. பேக் உன் கைக்கு வருவதற்கு முன்பே பெரும்பகுதி முடிந்துவிட்டது.

இதைக் கேட்டால் அவள் அழலாம். அழட்டும். இத்தனை நாள் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்த விசாரணைக்கு இப்போதுதான் சாட்சிகள் கிடைத்திருக்கிறார்கள். சின்னத் தவறு இருந்தால் அதையும் மறைக்காமல் சொன்னதால்தான் மீதியை அவள் நம்புவாள்.

சிங்கரின் திசை இதற்குப் பிறகுதான் வருகிறது. நடத்துபவர் இன்னொரு கேள்வி கேட்கிறார்: அந்த அக்காவுக்குக் காது கேட்டிருக்கலாம் என்று உனக்குத் தோன்றியதே, அப்போது நீ என்ன செய்தாய்? மாணவி யோசித்துச் சொல்வாள், ஒன்றும் செய்யவில்லை, எண்ணிக்கொண்டே இருந்தேன் என்று. மறுபடி அப்படி ஒருவர் வந்தால் என்ன செய்யலாம்? பேசலாம். “அக்கா, நான் பக்கத்துலதான் இருக்கேன், மூச்சு நான் விட்டுத் தர்றேன், பயப்படாதீங்க.” வலியை உள்ளே வாங்கிக்கொண்டு நிற்பதற்கும், அதே வலியை அறிந்து ஒரு வார்த்தையை அந்தப் பக்கம் அனுப்புவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். இருவர் இருவராக அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நோயாளியை நினைத்து, அவரிடம் சொல்லாமல் விட்டதைச் சொல்லிப் பார்க்கும் ஐந்து நிமிடப் பயிற்சியை இங்கே வைக்கலாம். விருப்பமில்லாதவர்கள் மூச்சைக் கவனித்தபடி சும்மா இருக்கலாம்.

இந்த ‘விருப்பமில்லாதவர்கள்’ என்ற சொல்லை நான் பலமாகப் பிடித்துக்கொள்கிறேன். அதற்குக் காரணம் இந்தக் கடற்கரையிலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26-இல் வந்த சுனாமி நாகப்பட்டினத்தையும் காரைக்காலையும் இலங்கையின் கிழக்குக் கரையையும் அடித்துப் போட்டபோது, மனநல உதவி என்று பலவிதமானவை வந்து இறங்கின. அவற்றில் ஒன்று, பேரிடரில் சிக்கியவரை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்ல வைத்து ‘வெளியேற்றுவது’. இது பலன் தராது, சிலருக்குத் தீங்கும் செய்யும் என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. பிரிட்டனில் தீக்காயம் பட்டவர்களிடம் செய்து 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிப் பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்குப் பதின்மூன்று மாதம் கழித்து அதிர்ச்சிப் பின்னழுத்த நோய் இருந்தது. பேசவைக்கப்படாதவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். சுனாமி அனுபவங்களுக்குப் பிறகு 2007-இல் சர்வதேச நிறுவனங்கள் கூடி வெளியிட்ட நெறிமுறை, இந்த ஒற்றை அமர்வைச் செய்யாதீர்கள் என்று வெளிப்படையாகவே சொன்னது.

அதனால் பட்டறையை அந்தச் சாவு நடந்த மறுநாளே வைக்கக் கூடாது. அந்த முதல் நாட்களுக்குத் தேவை சோறு, தூக்கம், பக்கத்தில் ஒரு தோழி, வேண்டுமானால் ஒரு நாள் போஸ்டிங் மாற்றம். சுற்றி உட்காரவைத்து ‘அடுத்து நீ சொல்லு’ என்று வரிசையாகக் கேட்கவும் கூடாது. கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் பாதிப்பு உண்டு. ஒருத்தி சொல்லும் விவரம் இன்னொருத்தியின் கனவில் வரும். விவரத்தைக் குறைத்து உணர்ச்சியைச் சொல்லச் சொல்வது பாதுகாப்பு. யாராவது கையை இறுக்கிக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால், பேச்சு காதில் விழாதவள் போல இருந்தால், அவளை வெளியே அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுத்து, பாதம் தரையில் படுவதைக் கவனிக்கச் சொல்ல இன்னொருவர் தயாராக இருக்க வேண்டும். ஒரே ஆள் நடத்தக் கூடாது என்பது இதனால்தான்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே நாட்டமில்லை, வார்டு மட்டுமல்ல, சினிமா, சாப்பாடு, தோழிகள் எதுவும் பிடிக்கவில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் அது பட்டறைக்கு அப்பாற்பட்டது. மனநல மருத்துவரிடம் போக வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை முதல் ஐந்து நிமிடத்திலேயே பலகையில் எழுதிவிடுவது நல்லது. கடைசியில் சொன்னால் அது யாருக்காகச் சொல்லப்படுகிறது என்று எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

கடைசி அரை மணி நேரத்துக்குத்தான் ‘சுயநலன் பேணல்’ வருகிறது. யோகா செய், நிறையத் தண்ணீர் குடி, நேர்மறையாக யோசி என்று எழுதித் தரும் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. விடுதிக் கதவு ஒன்பது மணிக்குப் பூட்டப்படும் பிள்ளையிடம் மாலை நடை போகச் சொல்வதில் என்ன அர்த்தம்? டியூட்டிக்குள்ளேயே செய்ய முடிகிற ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். கை கழுவுவது நல்ல இடம். உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி சோப்புப் போட்டு முழுதாகக் கழுவ 40 முதல் 60 வினாடி ஆகும். எப்படியும் செய்ய வேண்டிய அந்த ஒரு நிமிடத்தை ஒரு நோயாளியை விட்டு அடுத்தவருக்குப் போகும் எல்லையாக வைத்துக்கொள்ளலாம். அப்போது இவரிடம் என்னால் செய்ய முடிந்தது இது என்று ஒரு வாக்கியம் மனதில் சொல்லிக்கொள்கிறாள். சாவு நடந்த இடத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜானதன் பார்ட்டெல்ஸ் என்ற நர்ஸ் தொடங்கியது. உயிர் பிரிந்ததும் குழாய்களைக் கழற்றுவதற்கு முன் யாராவது ஒருவர் சொல்கிறார், இவர் யாருக்கோ மகள், யாருக்கோ தாய், நாம் முடிந்ததைச் செய்தோம், ஒரு நிமிடம் நிற்போம் என்று. எல்லாரும் நிற்கிறார்கள், பிறகு வேலைக்குப் போகிறார்கள். பிரார்த்தனை இல்லை, அதனால் எந்த மதத்தவருக்கும் சங்கடமில்லை. லாஸ்ட் ஆஃபீஸ் செய்யப்போகும் மாணவிக்கு அந்த ஒரு நிமிடம் கிடைத்தால், துணி சுற்றும்போது அவள் கையாள்வது ஓர் உடலை மட்டுமல்ல என்று தெரிந்தே கையாள்வாள்.

டியூட்டிக்குப் பிறகு செய்வதற்கு இன்னொன்று: விடுதியில் ஒரு தோழியிடம் பத்து நிமிடம் சொல்வது, பத்தாவது நிமிடத்தில் நிறுத்துவது. கேட்பவள் அறிவுரை சொல்லக் கூடாது, ‘எனக்கும் இப்படித்தான் ஆச்சு’ என்று தன் கதையை ஆரம்பிக்கவும் கூடாது. கேட்க எளிது, செய்யக் கடினம். அதனால் பட்டறையிலேயே ஒரு முறை பழகிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் மூன்றாவது நிமிடத்தில் யாராவது அறிவுரை சொல்லிவிடுவார்கள், எல்லாரும் சிரிப்பார்கள், மறுபடி தொடங்குவார்கள்.

இவ்வளவும் மாணவி செய்வது. மென்ஸீஸைப் படித்தவர்கள் இங்கே நிறுத்த முடியாது, ஏனென்றால் பெட் நம்பரை அவள் கண்டுபிடிக்கவில்லை. கல்லூரியும் மருத்துவமனையும் தரவேண்டியது பெரிய செலவில்லாத மூன்று: போஸ்டிங்கில் ஒவ்வொரு மாணவிக்கும் இரண்டு நோயாளிகளையாவது சேர்ந்ததிலிருந்து டிஸ்சார்ஜ் வரை முழுதாகக் கொடுப்பது, வார்டில் சாவு நடந்தால் அங்கே இருந்த மாணவிகளின் பெயரை அன்று மாலைக்குள் வார்டு இன்சார்ஜ் கல்லூரி ஆசிரியைக்குச் சொல்வது, ஆசிரியை மறுநாள் அந்தப் பிள்ளையிடம் “சாப்பிட்டியா, தூங்கினியா” என்று மட்டும் கேட்பது. பட்டறையை இரண்டு மாதம் கழித்து அதே பத்துப் பேரோடு மறுபடி நடத்தி, அவர்களே வைத்திருக்கும் பழைய தாளோடு புதிய எண்களை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். ஒட்டிய அழுத்தம் 42-இலிருந்து 33-க்கு இறங்கியிருந்து, வேலைச் சோர்வு மட்டும் 25-இலிருந்து 36-க்கு ஏறியிருந்தால், அந்தத் தாளை மாணவியின் கையில் விட்டுவிட்டு டியூட்டி பட்டியல் போடுபவரிடம் பேச வேண்டியதுதான்.